பிழை நுழைய வழியில்லாமல் ஒரு வேலையை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1961-ல் ஜப்பானில் யமதா எலெக்ட்ரிக் ஆலையில் ஒரு சிறிய ஸ்விட்ச் தீராத தொல்லையாக இருந்தது. அதில் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனாலும் அவ்வப்போது ஏதாவது ஒரு ஸ்விட்ச் ஸ்பிரிங் இல்லாமலே வெளியே போய்விடும். கவனமாக இருங்கள் என்று சொன்னால் சில நாள் சரியாக நடக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். அங்கே போன ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர், வேலையின் வரிசையை மட்டும் மாற்றினார். பெரிய பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கை நேராக எடுத்துப் பொருத்தாமல், முதலில் இரண்டை ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்து, அதிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். முடித்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால், மறந்தது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த முறைக்குத்தான் பிறகு போக்கா-யோக்கே என்று பெயர் வந்தது. போக்கா என்றால் கவனம் பிசகி வரும் தவறு. யோக்கே என்றால் அதைத் தவிர்ப்பது. தொடக்கத்தில் ‘முட்டாள்தனத்தைத் தடுப்பது’ என்ற பொருளில் பாக்கா-யோக்கே என்றுதான் சொல்லி வந்தார்கள். வேலை செய்பவர்களை அது புண்படுத்தியதால் மாற்றினார்கள். சரியான மாற்றம் அது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்கிற எந்தக் கையும் எப்போதாவது தப்பும். அதை ஆளின் குறையாகப் பார்க்கிற வரை தீர்வு கண்ணில் படாது.

தட்டு வைத்ததோடு நிறுத்திவிடுவது

பலர் இந்த இடத்திலேயே முதல் தவறைச் செய்கிறார்கள். தட்டில் மிஞ்சிய ஸ்பிரிங்கை யாராவது பார்த்தால்தான் பயன். பார்க்காமல் அடுத்த ஸ்விட்சுக்கு இன்னும் ஒரு ஸ்பிரிங் மட்டும் எடுத்துப் போட்டால் தட்டில் மறுபடி இரண்டு ஆகிவிடும், தவறு மறைந்துவிடும். தட்டில் போடும்போதே ஒன்றுதான் எடுத்திருந்தால் கடைசியில் தட்டு காலியாக, எல்லாம் சரி என்பதுபோல் தெரியும். அதனால் தட்டில் ஸ்பிரிங் அளவுக்கே இரண்டு குழி இருக்க வேண்டும். ஒரு குழியில் ஒன்றுதான் உட்கார வேண்டும். காலிக் குழி கண்ணை உறுத்தும். எண்ணத் தேவையே இல்லை.

அப்போதும் அது ‘காட்டுகிற’ ஏற்பாடுதான், ‘நிறுத்துகிற’ ஏற்பாடு அல்ல. காட்டுவது போதுமா, நிறுத்த வேண்டுமா என்பதைத் தவறு வெளியே போனால் என்ன ஆகும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அடுத்த மேசையிலேயே பிடித்துச் சரிசெய்துவிடலாம் என்றால் காட்டினால் போதும். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருள் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆறு என்ற எண்ணிக்கையை நம்புவது

ஒரு மூடியை 4 மி.மீ விட்டமுள்ள ஆறு M4 ஸ்க்ரூ போட்டு முடுக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். மின் ஸ்க்ரூடிரைவரில் ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. குறித்த இறுக்கம் வந்ததும் கருவி நிற்கும், ஓர் எண் கூடும். ஆறு ஆனால்தான் பொருளை அசையாமல் பிடித்திருக்கும் ஃபிக்சரின் பிடி விடும், பொருளை வெளியே எடுக்கலாம். கேட்க உறுதியான ஏற்பாடு. ஆனால் ஐந்தாவது ஸ்க்ரூவிலேயே மறுபடி ஒருமுறை வைத்து அழுத்தினாலும் கவுன்ட்டர் ஆறு என்று காட்டும். ஆறாவது துளை காலியாகவே போகும். கை தடுமாறி ஒரே ஸ்க்ரூவை இருமுறை தொடுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

கருவி எண்ணுவது இறுகிய தடவைகளை. நமக்கு வேண்டியது போட்ட ஸ்க்ரூக்களை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நேரத்தை வைத்து அடைக்கலாம். சாதாரண M4 ஸ்க்ரூவில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 0.7 மி.மீ. உள்ளே 8 மி.மீ போக வேண்டும் என்றால் பதினொரு சுற்றுக்குச் சற்று மேல். கருவி நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது வினாடிக்குப் பத்துச் சுற்று சுற்றினால், ஒரு ஸ்க்ரூ இறுக ஏறத்தாழ 1.1 வினாடி ஆகும். ஏற்கெனவே இறுகிய ஸ்க்ரூவில் வைத்தால் நொடிப்பொழுதில் நின்றுவிடும். ஆகவே 0.9 வினாடிக்குக் குறைந்ததை எண்ணாதே என்று அமைத்தால் இரட்டைத் தொடுகை எண்ணிக்கையில் சேராது. புரி மாறிச் சாய்வாக ஏறிய ஸ்க்ரூவும் பெரும்பாலும் பாதியிலேயே இறுகி நிற்பதால், அதுவும் இதே வலையில் சிக்கும். மேல் எல்லையாக 1.4 வினாடி வைத்தால், புரி தேய்ந்து இறுகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் பிடிபடும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஸ்க்ரூவின் நீளம் வேறு, கருவியின் வேகம் வேறு. நன்றாக முடிந்த முப்பது பொருள்களில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஆன நேரத்தைக் குறித்து, மிகக் குறைந்ததற்குச் சற்றுக் கீழேயும் மிக அதிகமானதற்குச் சற்று மேலேயும் எல்லை வையுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு ஸ்க்ரூவை இருமுறை தொட்டும், ஒன்றைச் சாய்வாக ஏற்றியும் பாருங்கள். இரண்டில் ஒன்று சிக்காவிட்டாலும் எல்லை தளர்வு என்று பொருள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிலர் ஸ்க்ரூவை முதலில் விரலால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கருவியை வைப்பார்கள். அது நல்ல பழக்கம்; புரி மாறாது. ஆனால் கருவி சுற்றும் நேரம் அந்த அளவுக்குக் குறைந்து, சரியான ஸ்க்ரூவையும் ஏற்பாடு நிராகரிக்கும். எல்லாரும் ஒரே விதமாகத் தொடங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நேரத்தை அளக்க வேண்டும்.

பொய்யாகக் கத்தவிடுவதும், கெட்டதைக் காட்டிச் சோதிக்காததும்

நல்ல பொருளை அடிக்கடி நிறுத்துகிற ஏற்பாடு சில நாளிலேயே செத்துவிடும். சென்சாரில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருப்பதையோ, ஃபிக்சரின் பிடியை விடுவிக்கும் சாவி அதிலேயே நிரந்தரமாகச் செருகியிருப்பதையோ பார்த்தால், ஒட்டியவரைத் திட்டுவதற்கு முன் பொய் நிறுத்தம் எத்தனை என்று எண்ணுங்கள். வேலையை முடிக்க விடாத ஏற்பாட்டை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், சத்தமில்லாமல் செத்துப்போன சென்சார் எல்லாவற்றையும் ‘சரி’ என்று விட்டுவிடும். பல நாள் ஒரு நிறுத்தமும் இல்லை என்றால் வேலை சுத்தமாக நடக்கிறது என்றும் பொருள், சென்சார் வேலை செய்யவில்லை என்றும் பொருள். எது என்று தெரிய ஒரே வழி, ஒரு ஸ்க்ரூ இல்லாத மாதிரிப் பொருளைச் சிவப்பு வண்ணம் பூசி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் அதை உள்ளே வைத்து, இருக்கும் ஸ்க்ரூக்களையே கருவியால் ஆறு தடவை தொட்டுப் பார்ப்பது. பிடி விட்டுவிட்டால் வேலையைத் தொடங்கக் கூடாது. அந்தச் சிவப்புப் பொருள் நல்ல பொருள்களோடு கலந்துவிடாமல் அதற்கென்று ஓர் இடம் வேண்டும்.

எண் பதிவில் ‘சரியா?’ என்று கேட்பது

தரவுப் பதிவுக்கும் இதே நியாயம்தான். பேட்ச் எண்ணைத் தட்டச்சு செய்ததும் ‘நிச்சயமா?’ என்று ஒரு பெட்டி வந்தால், இருபதாவது தடவைக்குள் விரல் தானாக என்ட்டரைத் தட்டப் பழகிவிடும். எண்ணே தன் தவறைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்கிறோம். சேர்க்கிற முறையிலும் ஒரு தவறு நேரலாம்.

பேட்ச் எண் 4729 என்று வைப்போம். பொருள்களின் பார்கோடில் இருக்கும் முறைப்படி, வலமிருந்து 3, 1, 3, 1 ஆல் பெருக்கினால் 27, 2, 21, 4, கூட்டுத்தொகை 54. அடுத்த பத்தின் மடங்கு 60-க்கு 6 வேண்டும், ஆக எண் 47296. யாராவது 74296 என்று மாற்றி அடித்தால் பிடிபடும். ஆனால் நடுவில் இருக்கும் 7-ஐயும் 2-ஐயும் மாற்றி 42796 என்று அடித்தால் கூட்டுத்தொகை 44. அதற்கும் 6-தான் வரும். எண் சரி என்று ஏற்கப்பட்டுவிடும். பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கும் இடமெல்லாம் இந்த முறைக்குக் குருட்டுப் புள்ளி. இலக்கம் இடம் மாறுவதோ கையால் அடிக்கும்போது அடிக்கடி வருகிற தவறு.

எண்ணைக் கையால் அடிக்கப்போகிறார்கள் என்றால் 11-ஆல் வகுக்கும் முறை நல்லது. வலமிருந்து 2, 3, 4, 5 ஆல் பெருக்கினால் 18, 6, 28, 20, மொத்தம் 72. அதை 77 ஆக்க 5 வேண்டும், எனவே எண் 47295. இப்போது 42795 என்று அடித்தால் 67-உம் 5-உம் சேர்ந்து 72; 11-ஆல் வகுபடாது, பிடிபடும். ஒற்றை இலக்கத் தவறும், எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அதுவும் இதில் தப்பாது. ஒரே இடைஞ்சல், சில எண்களுக்குச் சரிபார்ப்பு இலக்கம் 10 என்று வரும். அந்த எண்களை வழங்காமலே விட்டுவிடுங்கள்.

விரிதாளில் A நெடுவரிசையை முதலில் Text ஆக வையுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பிறகு A2-இலிருந்து கீழே உள்ள கட்டங்களைத் தேர்ந்து, Data Validation-இல் Custom தேர்ந்து இதைக் கொடுங்கள்:

```
=IFERROR(AND(LEN(A2)=5, MOD(MID(A2,1,1)*5+MID(A2,2,1)*4+MID(A2,3,1)*3+MID(A2,4,1)*2+MID(A2,5,1),11)=0),FALSE)
```

எச்சரிக்கை வகையை Stop என்றே வைக்க வேண்டும். Warning என்று வைத்தால் அது மறுபடியும் ‘நிச்சயமா?’ பெட்டிதான். அதோடு, இந்தத் தடை தட்டச்சுக்கு மட்டுமே. வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சோதனையே நடக்காது. ஆகவே இதே சூத்திரத்தைப் பக்கத்து நெடுவரிசையிலும் போட்டு, FALSE வந்த வரிகளைச் சிவப்பாக்கி, சிவப்பு இருக்கும்வரை தாளை அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் எட்டாத தவறு ஒன்று உண்டு. கண் ஒரு வரி கீழே நழுவி, பக்கத்து பேட்ச்சின் எண்ணைப் பிழையில்லாமல் அடித்துவிடுவது. அது முழுக்கச் சரியான எண். எந்தக் கணக்கும் பிடிக்காது. பார்கோடு ஸ்கேனர் வைத்தாலும் பக்கத்து லேபிளைப் படித்துவிட வாய்ப்பு இருக்கிறது. இங்கே கைகொடுப்பது ஓர் அட்டைதான்: ஒரே ஒரு லேபிள் மட்டும் தெரியும்படி பிளவு வெட்டி, தாளின் மேல் வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி கீழே நகர்த்த வேண்டும். ஒரே எண் இரண்டாவது தடவை வந்தால் ஏற்காதபடி COUNTIF நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், நகர்த்த மறந்ததும் அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும்.