கலப்புத் தமிழைச் சீராக்குவது எப்படி: பைக் நின்றுபோன கதையை வைத்து ஒரு பயிற்சி

ஆறேழு வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு பதிவு இது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் தருகிறேன்.

"யெஸ்டர்டே மார்னிங் ஆபீஸ் போகும் டைமில் என் பைக் சடன்லி ஸ்டாப் ஆகிவிட்டது. பட் நான் பேனிக் பண்ணவில்லை, பிகாஸ் நியர்பை ஒரு மெக்கானிக் ஷாப் இருந்தது. பைக்கை புஷ் பண்ணி அந்த ஷாப்பை ரீச் பண்ணினேன். மெக்கானிக் பிளக்கை ரிமூவ் பண்ணி கிளீன் பண்ணினார். தென் கிக்கரை கிக் பண்ணினார், பட் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபைனலி கார்ப்பரேட்டரில் வாட்டர் என்டர் ஆகியிருப்பதை ஃபைண்ட் பண்ணினார். டூ ஹண்ட்ரட் ருபீஸ் பே பண்ணினேன். ஆபீஸை ஒன் ஹவர் லேட்டாக ரீச் பண்ணினேன். மேனேஜர் வெரி ஆங்ரி. நான் ரொம்ப ஃபீல் பண்ணினேன்."

நண்பன் ஒருவன் படித்துவிட்டு, "யார்டா இப்படிப் பேசுறா?" என்று கேட்டான். ரோஷம் வந்து ஆங்கிலத்தை முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். பைக் ஈருருளி ஆனது, பிளக் தீப்பொறிச் செருகி ஆனது. அதைப் படித்துவிட்டும் அவன் அதே கேள்வியைத்தான் கேட்டான்.

ஆங்கிலச் சொற்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ இது சரியாகாது. எந்த இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். அதே பதிவை இப்போது படிப்படியாகத் திருத்திப் பார்ப்போம்.

படி 1: மூட்டுகளைத் தமிழாக்குங்கள்

முதலில் பெயர்ச்சொற்களைத் தொடாதீர்கள். பட், பிகாஸ், தென், ஃபைனலி, சடன்லி, நியர்பை, வெரி ஆகியவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள். யெஸ்டர்டே மார்னிங், ஒன் ஹவர், டூ ஹண்ட்ரட் ருபீஸ் ஆகியவற்றையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பேச்சில் "பட்", "ஸோ" என்று நாம் எல்லோரும்தான் சொல்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சில் அது மூச்சு வாங்கும் இடம், காதில் விழாமலே போய்விடும். எழுத்தில் கல் மாதிரி பல்லில் கடிபடும்.

பெரும்பாலானவற்றுக்கு நேர்ச்சொல் போட்டால் போதும்: நேற்று காலை, திடீரென்று, கடைசியில், 200 ரூபாய். "பட்" பல இடங்களில் தேவையே இல்லை. "கிக்கரை உதைத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை" என்றாலே "ஆனால்" உள்ளே இருக்கிறது.

"பிகாஸ்" மட்டும் கொஞ்சம் வில்லங்கம். அதை எடுத்துவிட்டு "ஏனென்றால்" என்று போட்டால் சொல்தான் மாறும், வாக்கியம் ஆங்கிலமாகவே நடக்கும். தமிழில் காரணம் பொதுவாக முன்னால் வரும்: "பக்கத்திலேயே மெக்கானிக் கடை இருந்ததால் பதறவில்லை." வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும்.

படி 2: ஒவ்வொரு "பண்ணு"வையும் நிறுத்தி விசாரியுங்கள்

மேலே உள்ள பதிவில் "பண்ணு" பத்து முறை வருகிறது. எண்ணிப் பாருங்கள். பாதி வேலை இந்தப் படியில்தான் முடிகிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஆங்கில வினை எதைக் கொடுத்தாலும் பின்னால் "பண்ணு" ஒட்டித் தமிழாக்கிவிடலாம். அந்த வசதிதான் வினையும் ஆகிறது. தள்ளு, கழற்று, துடை, உதை, கண்டுபிடி என்று கைவசம் இருக்கும் வினைகளை விட்டுவிட்டு புஷ் பண்ணி, ரிமூவ் பண்ணி என்று எழுதும்போதுதான் செயற்கைத்தனம் வருகிறது. மெக்கானிக் கடையில் நின்று கவனியுங்கள். பொருள்களின் பெயரெல்லாம் ஆங்கிலமாக இருக்கும், அவற்றை வைத்துச் செய்யும் வேலை தமிழாக இருக்கும். பிளக்கைக் கழற்று, நட்டை முடுக்கு, செயினை இறுக்கு, ஆயிலை மாற்று.

இன்னொன்று: நம்மிடம் வந்து தங்கிவிட்ட ஆங்கிலச் சொற்கள் பல, தங்களுக்கென்று ஒரு தமிழ் வினையைப் பிடித்துக்கொண்டுவிட்டன. லீவு போடுகிறோம், போன் போடுகிறோம், பெட்ரோல் போடுகிறோம். டிக்கெட் எடுக்கிறோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம். ஹாரன் அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம். பஸ் பிடிக்கிறோம். பஞ்சர் ஒட்டுகிறோம்! ஓட்டையை எப்படி ஒட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஜோடிகளைப் பிரித்து "பஞ்சர் ரிப்பேர் பண்ணினேன்" என்று எழுதினால் புரியும், ஆனால் ஊர் மணம் போய்விடும். ஒரு ஆங்கிலப் பெயர்ச்சொல் வந்தால், வீட்டில் அதோடு எந்த வினையைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

"பண்ணு"வே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. டவுன்லோட், ரீசார்ஜ், கேன்சல் எல்லாம் அப்படியே வந்தவை. பேச்சு நடையில் "பண்ணினேன்", கொஞ்சம் எழுத்து நடை வேண்டுமானால் "செய்தேன்". ஆனால் எல்லாப் "பண்ணு"வையும் "செய்" என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். "ரிமூவ் செய்து கிளீன் செய்தார்" என்பது அதே ஆள், சட்டை மட்டும் வேறு.

தானாக நடப்பதற்கு "ஆகு" வரும், ஒருவர் செய்வதற்குப் "பண்ணு" வரும். "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்றால் வண்டி மேல் குற்றம். "ஸ்டார்ட் பண்ணவில்லை" என்றால் ஆள் மேல் குற்றம். "கேன்சல் பண்ணப்பட்டது" என்று எங்காவது எழுதியிருந்தால், வாக்கியம் தலைக்குள் ஆங்கிலத்தில் பிறந்தது என்று அர்த்தம். "கேன்சல் ஆகிவிட்டது" அல்லது "கேன்சல் செய்துவிட்டார்கள்" என்று மாற்றுங்கள்.

"ஆபீஸை ரீச் பண்ணினேன்" என்பதையும் பாருங்கள். வினை மட்டுமல்ல, "ஐ" உருபும் இடறுகிறது. தமிழில் "போய்ச் சேர்" என்றால் "கு" கேட்கும்: ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். வினையைத் தமிழாக்கினால் உருபு தானாகச் சரியாகிவிடும்.

படி 3: எந்தப் பெயரை விடுவது, எதை மாற்றுவது

இதற்கு என் சோதனை, கடைச் சோதனை. அந்தப் பொருளைக் கடையில் என்ன சொல்லிக் கேட்பீர்கள்? "ஒரு பிளக் கொடுங்க" என்றால் கிடைக்கும். தீப்பொறிச் செருகி என்றால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் பைக், பிளக், கிக்கர், கார்ப்பரேட்டர், மெக்கானிக் எல்லாம் இருக்கட்டும். ஆபீஸ், மேனேஜர் இரண்டையும் யோசிக்கவே வேண்டாம்.

ஷாப்புக்குக் கடை இருக்கிறது, வாட்டருக்குத் தண்ணீர் இருக்கிறது. இரண்டும் உயிரோடு இருக்கும் சொற்கள், மாற்றிவிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. வண்டியைக் கழுவக் கொடுத்தால் அது வாட்டர் வாஷ்தான், பையில் இருப்பது வாட்டர் பாட்டில்தான். தனியாக நின்றால் தண்ணீர், கூட்டுச்சொல்லில் வாட்டர். ஒரே சொல்லுக்கு இரண்டு தீர்ப்பு வருவதில் தவறில்லை.

படி 4: உருபும் எழுத்தும்

ஆங்கிலப் பன்மை "ஸ்" வேண்டாம். "இரண்டு டிக்கெட்ஸ் எடுத்தேன்" அல்ல, "இரண்டு டிக்கெட் எடுத்தேன்". அஃறிணையில் எண் வந்தாலே தமிழுக்குப் போதும்.

உருபு சேரும்போது கடைசி வல்லினத்தை இரட்டிக்க வேண்டும்: பைக், பைக்கை, டிக்கெட், டிக்கெட்டை. ஒற்றைக் "க" போட்டால் உச்சரிப்பு மென்மையாகி வேறு ஏதோ சொல் மாதிரி ஆகிவிடும்.

தமிழ் எழுத்தில் சில ஆங்கிலச் சொற்கள் முகம் தெரியாமல் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். "பேக்கைப் பேக் பண்ணினேன்" என்று ஒரு முறை எழுதியிருந்தேன். தோளில் மாட்டுவது எது, கட்டி வைப்பது எது? "பையைக் கட்டினேன்" என்றதும் தெளிந்துவிட்டது. படிப்பவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்தச் சொல்லை மாற்றுவது நல்லது.

படி 5: தமிழுக்குள் அர்த்தம் மாறியவை

என் பழைய பதிவின் கடைசி வாக்கியத்துக்கு மறுபடி போங்கள். "நான் ரொம்ப ஃபீல் பண்ணினேன்." அந்தக் குப்பையில் உருப்படியாக இருந்த வாக்கியம் இது ஒன்றுதான்! "பண்ணு" இருக்கிறது, ஆங்கில வினை இருக்கிறது, ஆனாலும் இயல்பாக இருக்கிறது. ஏனென்றால் "ஃபீல் பண்ணு" தமிழில் "வருத்தப்படு" என்று தனி அர்த்தம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் "ஃபீல் பண்ணாதே" என்று ஆறுதல் சொல்கிறோம். மாறாக, "குளிரை ஃபீல் பண்ணினேன்" என்று எழுதினால் தட்டுகிறது.

இப்படிப்பட்டவை நிறைய உண்டு. "வண்டி ரிப்பேர்" என்றால் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நமக்குப் புரியும். "டென்ஷன் ஆனார்" என்றால் பெரும்பாலும் கோபம். "லைட்டா வலிக்குது" என்பதில் வெளிச்சமும் இல்லை, எடையும் இல்லை. இவற்றைத் தமிழாக்கப் போனால் நிறம் போய்விடும். விட்டுவிடுங்கள்.

படி 6: யாராவது பேசினால், பேசட்டும்

பதிவில் மெக்கானிக் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உண்மையில் பேசினார். அவர் வாயில் வந்ததை அப்படியே போட்டால் கலப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரே காட்டிவிடுவார். மேற்கோளுக்குள் பேச்சுத்தமிழ், வெளியே எழுத்துத்தமிழ். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பாமல் இருந்தால் சரி.

இதையெல்லாம் செய்தபின் வந்தது:

"நேற்று காலை ஆபீஸ் போகும்போது பைக் திடீரென்று நின்றுவிட்டது. பக்கத்திலேயே மெக்கானிக் கடை இருந்ததால் பதறாமல் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கிக்கரை உதைத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் நோண்டிப் பார்த்துவிட்டு, 'பிளக்குல ஒண்ணும் இல்ல தம்பி, கார்ப்பரேட்டர்ல தண்ணி இறங்கியிருக்கு' என்றார். 200 ரூபாய் ஆனது. ஆபீஸுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் லேட். மேனேஜர் செம டென்ஷன். நான் ரொம்ப ஃபீல் பண்ணினேன்."

பத்துப் "பண்ணு"வில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. கடைசியாக வாய்விட்டு ஒரு முறை படித்தேன். "லேட்" என்பதைத் "தாமதம்" ஆக்கலாமா என்று யோசித்தேன். பக்கத்தில் "செம டென்ஷன்" இருக்கும்போது "தாமதம்" வேட்டி கட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆட வந்த மாதிரி இருந்தது. லேட்டையே விட்டுவிட்டேன்.