F(x, y) = 0 இருக்கும்போது y-ஐ எப்போது தனியாக எடுக்கலாம்?

x² + y = 5 என்றால் y = 5 − x² என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
F(x, y) = 2x³ + 2y³ − 9xy = 0
```

டெக்கார்ட் 1638ல் முன்வைத்த இலை வடிவ வளைவரையின் ஒரு வகை இது. இதில் y ஒரு முப்படிச் சமன்பாட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. சூத்திரம் போட்டு வெளியே இழுப்பது பெரிய வேலை. உட்படு சார்புத் தேற்றம் அந்தச் சூத்திரத்தைக் கேட்பதே இல்லை. வளைவரையின் மேல் ஒரு புள்ளியை நாம் கொடுத்தால், அதன் அருகில் y என்பது x-இன் சார்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

படி 1: புள்ளி வளைவரையின் மேல் இருக்கிறதா?

(1, 2) என்ற புள்ளியை எடுப்போம். 2 + 16 − 18 = 0. சரி, இருக்கிறது. இதைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போனால் பின்னால் வரும் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். x = 1 என்று போட்டால் y-க்கு 2 மட்டும் விடையல்ல. 0.2247, −2.2247 (தோராயமாக) ஆகியவையும் விடைகள்தான். ஒரே x-க்கு மூன்று y இருந்தால் அது எப்படிச் சார்பாகும்? முழு வளைவரைக்கும் ஆகாது. அதனால்தான் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு பெட்டி வரைந்து, அதற்குள் மட்டும் பேசுகிறோம்.

படி 2: y-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு

x-ஐ மாறிலியாக வைத்து வகையிடுங்கள்.

```
F_y = 6y² − 9x
(1, 2)-இல்: 24 − 9 = 15
```

பகுதி வகைக்கெழுக்கள் தொடர்ச்சியானவை, F_y பூஜ்ஜியமில்லை. தேற்றம் கேட்பது இவ்வளவுதான். எனவே (1, 2)-க்கு அருகில் y = g(x) என்ற ஒரே ஒரு சார்பு உண்டு, அதை வகையிடவும் முடியும்.

படி 3: ஏன் இது போதும்?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், தேற்றத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. x 0.9 முதல் 1.1 வரை, y 1.8 முதல் 2.2 வரை ஒரு பெட்டி போடுங்கள். அதற்குள் F_y-இன் மிகச் சிறிய மதிப்பு 6(1.8)² − 9(1.1) = 9.54. அதாவது எங்கும் நேர்மறை. ஆகவே பெட்டிக்குள் எந்த x-ஐ நிறுத்திவைத்து மேலே ஏறினாலும் F கூடிக்கொண்டே போகும்.

அடுத்து அடிவிளிம்பு y = 1.8. அங்கே F-இன் மதிப்பு x = 0.9-இல் −1.458, x = 1.1-இல் −3.494. நடுவிலும் எதிர்மறைதான், ஏனென்றால் அந்த விளிம்பில் x கூடக் கூட F குறைந்துகொண்டே வருகிறது. மேல்விளிம்பு y = 2.2-இலும் F அப்படித்தான் குறைகிறது, ஆனால் 4.934-இலிருந்து 2.178 வரைதான், எங்கும் நேர்மறை. கீழே எதிர்மறை, மேலே நேர்மறை, நடுவில் ஏறுமுகம் மட்டும். அப்படியானால் ஒவ்வொரு x-க்கும் F சரியாக ஒரே முறை பூஜ்ஜியத்தைத் தொடும். அந்த y-தான் g(x). மற்ற இரண்டு விடைகளும் பெட்டிக்கு வெளியே கிடப்பதால் குழப்பமில்லை.

படி 4: சாய்வு

F_x = 6x² − 9y, (1, 2)-இல் −12. சாய்வு −F_x / F_y = 12/15 = 0.8. x = 1.1 ஆனால் y சுமார் 2.08 என்று தொடுகோடு சொல்கிறது. சமன்பாட்டை எண்முறையில் தீர்த்தால் 2.0758 வருகிறது. நல்ல நெருக்கம்.

படி 5: F_y = 0 ஆனால்?

6y² = 9x என்பதை வளைவரையோடு சேர்த்துத் தீர்த்தால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். ஒன்று தோராயமாக (2.381, 1.890), இலையின் வலது ஓரம். அங்கே தொடுகோடு செங்குத்து. சற்று இடப்பக்கம் போனால் அருகிலேயே இரண்டு y, வலப்பக்கம் போனால் அருகில் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே F_x சுமார் 17, பூஜ்ஜியமில்லை. ஆகவே மாறிகளின் பாத்திரத்தை மாற்றி x-ஐ y-இன் சார்பாக எழுதிக்கொள்ளலாம்.

மற்றது (0, 0). அங்கே F_x, F_y இரண்டுமே பூஜ்ஜியம். வளைவரை தன்னையே வெட்டிக்கொள்ளும் இடம் அது. எவ்வளவு சின்னப் பெட்டி போட்டாலும் சிறிய நேர்மறை x-க்கு மூன்று y உள்ளே வந்துவிடும், x-ஐத் தனியாக எடுக்கப் பார்த்தாலும் அதே கதை.

தொடக்கத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: F_y = 0 என்றாலே y-ஐத் தனியாக எடுக்க முடியாது என்று முடிவு கட்டிவிடுவது. y³ − x³ = 0 என்பதைப் பாருங்கள். (0, 0)-இல் F_y = 0, ஆனாலும் y = x என்ற விடை எல்லா இடத்திலும் ஒழுங்காக இருக்கிறது. F_y பூஜ்ஜியமானால் தேற்றம் எதுவும் சொல்லாது. அப்போது அந்தப் புள்ளியின் அருகில் ஒவ்வொரு x-க்கும் எத்தனை y வருகின்றன என்று நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.