பதினான்கு கம்பெனி, ஒரே வேலை: ஏஜென்சி அனுபவத்தைப் பயோடேட்டாவில் எழுதும்போது வரும் தவறுகள்

குன்னூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலை பார்த்தவர்கள் பயோடேட்டா அடிக்க வரும்போது ஒரே மாதிரியான சிக்கலோடுதான் வருகிறார்கள். போன மாதம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், வேலை தெரிந்த பையன். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட வந்திருந்தார். கையால் எழுதிய இரண்டு பக்கத்தில் பதினான்கு கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, தேதி, "எலக்ட்ரீஷியன்" என்ற பதவி.

அந்தத் தாளை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் அதில் இருந்தன.

முதல் தவறு, வேலை நடந்த இடத்தைச் சம்பளம் கொடுத்த இடமாக எழுதுவது. தம்பி போனது தேயிலை ஃபேக்டரிகளுக்கு. ஆனால் சம்பளம் போட்டதும் பி.எஃப். கட்டியதும் ஏஜென்சி. ஒரு ஃபேக்டரியின் பெயரைப் போட்டு "இங்கே வேலை பார்த்தேன்" என்று எழுதினால், மில்லிலிருந்து அந்த ஆபீஸுக்குப் போன் போகும். அங்கே உள்ளவர் ரெஜிஸ்டரைப் பார்த்து, "அப்படி யாரும் எங்கள் ஆள் இல்லையே" என்பார். அவர் சொன்னது சரிதான், தம்பி எழுதியதும் முழுப் பொய்யில்லை. ஆனாலும் மில்லில் இருப்பவர் பொய் என்றுதான் முடிவு செய்வார். அதோடு மூன்று வருடத்தில் பதினான்கு கம்பெனி என்றால் எங்கேயும் நிலைக்காத ஆள் என்ற எண்ணமும் வந்துவிடும்.

அதனால் எழுத உட்காரும் முன் பி.எஃப். கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். எண்ணோடு உள்ளே போய் `View` → `Service History` பார்த்தால், யாரிடம் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்று இருக்கும். சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயோடேட்டாவோடு ஒப்பிடுவார்கள். தம்பியின் கணக்கில் இரண்டே பெயர்கள். ஒரு ஏஜென்சியில் 2021 ஜூன் முதல் 2022 டிசம்பர் வரை, இன்னொன்றில் 2023 பிப்ரவரியில் சேர்ந்து 2024 ஜூலை வரை வேலை பார்த்திருக்கிறார். ஆனால் இரண்டாவதில் விலகிய தேதியே கணக்கில் ஏறவில்லை. ஏஜென்சிகளில் இது அடிக்கடி நடக்கும். கடைசியாகப் பி.எஃப். கட்டிய மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்து, `Manage` → `Mark Exit` வழியாக நாமே அதைப் பதிவு செய்யலாம். இதை விட்டுவிட்டால் புதிய இடத்தில் சேரும்போது இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாகக் காட்டும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. சரி, ஏஜென்சி பெயரையே போடுவோம் என்று, "பல்வேறு கம்பெனிகளில் மின்வேலை" என ஒரே வரியில் முடித்துவிடுவது. வேலை கொடுப்பவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. பல்பு மாற்றுவதும் மின்வேலைதான், பெரிய மோட்டாரைக் கழற்றி மாட்டுவதும் மின்வேலைதான்.

இங்கேதான் நேரம் எடுத்து உட்கார வேண்டும். தம்பியிடம் கேட்டேன், "பதினான்கு இடத்திலும் உன் கை எதில் பட்டது?" அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இலை வாட்டும் தொட்டிகளின் ஃபேன், சி.டி.சி. மெஷின் மோட்டார், டிரையர் புளோவர். ஒரு ரிசார்ட்டில் தண்ணீர்ப் பம்பு, ஜெனரேட்டர் மாற்றும் சுவிட்ச். ஒரு பள்ளி விடுதியிலும் பம்பு. அவர் ஃபேக்டரி வேலை தனி, ரிசார்ட் வேலை தனி என்று நினைத்திருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் அவர் பார்த்தது மூன்று ஃபேஸ் மோட்டாரும் அதன் ஸ்டார்ட்டர் பேனலும்தான். மில்லுக்குத் தேவைப்படுவதும் அந்த வேலை தெரிந்த ஆள்தான்.

அப்புறம் அந்த வேலையின் உள்விவரம். இந்த மலையில் மழைக்காலம் முழுக்க ஈரமும் மூடுபனியும்தான். சில நாள் நின்ற மோட்டாரின் காயிலில் ஈரம் ஏறிவிடும், அப்படியே ஓட்டினால் எரியும். அதனால் தம்பி மெகர் என்ற மீட்டர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்திவிட்டுத்தான் ஓட்டுவாராம். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் முனகும், சூடாகும். அதைப் பிடித்து ரிலேயைச் சரி செய்திருக்கிறார். தொட்டி ஃபேன் நின்றால் இலை சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் ராத்திரி ஷிப்டில் உடனே சரி செய்தாக வேண்டும். இவ்வளவும் செய்தவர் தாளில் எழுதியிருந்தது "எலக்ட்ரிக்கல் வேலைகள்" என்று இரண்டு சொல்.

மூன்றாவது, எண்ணிக்கை. பதினான்கு என்று எழுதியிருந்தாரே, ஒவ்வொன்றாகக் கேட்டபோது ஐந்து ஃபேக்டரி, ஒரு ரிசார்ட், ஒரு விடுதி, ஆக ஏழு இடம்தான். திரும்பத் திரும்ப அனுப்பியதை ஒவ்வொரு தடவையும் புதிதாக எண்ணியிருக்கிறார். உண்மையில், ஒரே ஃபேக்டரி மறுபடியும் அவரையே கேட்டு அனுப்பச் சொன்னது என்பதுதான் பெரிய விஷயம். அதை மறைத்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருந்தார்.

நான்காவது, இடைவெளி. 2023 ஜனவரியில் ஏஜென்சி மாறியது, இடையில் ஒரு மாதம் வேலை இல்லை. அந்த மாதம் இங்கே உறைபனி, இலை வரத்து குறைவு, ஃபேக்டரிகள் ஆள் குறைக்கும் நேரம். தம்பி அதை மறைக்க, முதல் ஏஜென்சி வழியாகக் கடைசியாகப் போன இடத்தின் தேதியை நீட்டியிருந்தார். பி.எஃப். கணக்கோடு மோதும் தேதி வேண்டாம் என்று சொல்லி மாற்றினேன். கேட்டால் காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

பயோடேட்டா ஆங்கிலத்தில்தான் போனது. ஆனால் முதலில் தமிழில் இப்படி எழுதிக்கொண்டோம்:

"மின் பராமரிப்பு (ஒப்பந்த முறை), நீலகிரி, 2021 ஜூன் – 2024 ஜூலை. இரண்டு ஏஜென்சிகள் வழியாக (பெயர், தேதி தனித்தனியே) ஐந்து தேயிலை ஃபேக்டரி, ஒரு ரிசார்ட், ஒரு பள்ளி விடுதியில் மூன்று ஃபேஸ் மோட்டார், ஸ்டார்ட்டர் பேனல் பராமரிப்பு. மழைக்குப் பின் மெகர் சோதனை, ஃபேஸ் கோளாறு கண்டறிதல், ராத்திரி ஷிப்டில் அவசரப் பழுது. ஒரு ஃபேக்டரிக்கு நான்கு முறை திரும்ப அனுப்பப்பட்டேன்."

ஃபேக்டரிகளின் பெயர் போடவில்லை. ஏஜென்சி ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் பெயரை வெளியிடக் கூடாது என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சேர்க்க வேண்டும், அப்படி இருந்தால் தொழிலின் வகையைச் சொன்னால் போதும்.

இன்னொன்று: முதல் ஏஜென்சியின் சம்பளச் சீட்டில் அவர் பதவி "ஹெல்பர்". பயோடேட்டாவில் தலைப்பு "எலக்ட்ரீஷியன்" என்றிருந்தால் சீட்டைக் கேட்கும்போது சிக்கல். அதனால்தான் பதவிக்குப் பதில் "மின் பராமரிப்பு" என்று வேலையின் பெயரைத் தலைப்பில் வைத்தோம். சீட்டில் உள்ள பதவியை ஏஜென்சி பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டோம். நான்கு முறை அழைத்த ஃபேக்டரியின் போர்மேனிடம் தம்பியே போன் செய்து, "யாராவது கேட்டால் சொல்வீர்களா அண்ணா?" என்று கேட்டார். அவர் சரி என்றதும்தான் அந்த எண்ணைக் கீழே சேர்த்தேன்.