பத்து பிரெட், ஐந்து அச்சு ஓவன்: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

உங்கள் ஓவனில் ஐந்து அச்சுகள்தான் கொள்ளும், தேவையோ பத்து பிரெட் என்று வைத்துக்கொள்வோம். மைதாவைத் தொடும் முன்பே, எந்த ஐந்து எப்போது உள்ளே போகும் என்று தீர்மானித்துவிடுங்கள்.

1. எடை

வெந்து ஆறிய பிரெட் 400 கிராம் இருக்க வேண்டுமென்றால், பிசைந்த மாவு 450 கிராம் வேண்டும்; மீதி ஆவியாகிவிடும். பத்துக்கு 4,500 கிராம். கையிலும் பாத்திரத்திலும் ஒட்டுவதற்காக 2 சதவீதம் கூட்டினால் 4,590.

மைதா 100 பங்கு என்றால் தண்ணீர் 60, சர்க்கரை 4, வெண்ணெய் 3, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1, ஆக 170. எனவே 4,590-ஐ 1.7-ஆல் வகுத்தால் மைதா 2,700 கிராம், தண்ணீர் 1,620, ஈஸ்ட் 27. கப், கரண்டி அளவுகளை நான் நம்புவதில்லை. டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

2. உப்பவைத்தல்

பலரும் தடுமாறும் இடம் இது. பத்தையும் ஒரே நேரத்தில் பிசைந்தால், முதல் ஐந்து வேகும்போது மற்ற ஐந்தும் வெளியே உப்பிக்கொண்டே இருக்கும். ஈஸ்ட் யாருக்காகவும் காத்திருக்காது. அளவு மீறி உப்பியது ஓவனில் நடுவில் அமுங்கும், புளிப்பு வாடையும் வரும். ஆகவே 1,350 கிராம் மைதாவாக இரண்டு முறை பிசையுங்கள். வேக 35 நிமிடம், ஓவன் மறுபடி சூடேற 10 நிமிடம். இரண்டு கலவைகளுக்கும் இடைவெளி 45 நிமிடம்.

அச்சில் இட்டபின் 35 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். மாவு தொட்ட விரலால் மெல்ல அழுத்தினால், குழி மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். அப்படியே நின்றுவிட்டால் தாமதமாகிவிட்டது.

பின்சேர்க்கை: இரண்டாவது கலவை மட்டும் மந்தமாக உப்புகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதற்குள் தண்ணீர் ஆறியிருக்கும். பிசைந்த மாவு 27 டிகிரியில் இருக்க வேண்டும். கையால் பிசைபவர்கள் 54-லிருந்து மைதாவின் வெப்பநிலையைக் கழியுங்கள். மைதா 22 என்றால் தண்ணீர் 32.

3. ஓவனில் ஏற்றுதல்

பிரெட் வேகவேண்டியது 200 டிகிரியில் என்றாலும் 220-க்குச் சூடாக்குங்கள்; கதவைத் திறந்ததும் வெப்பம் இறங்கிவிடும். அச்சுகளுக்கிடையே மூன்று விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பக்கங்கள் வெளிறி, எடுத்ததும் உள்வாங்கும். நடுப்பகுதி 94 டிகிரியைத் தொட்டால் வெந்துவிட்டது.

கேக் கலவையை ஒரு முறை ஏற்றும் அளவுக்கு மட்டுமே கலக்குங்கள். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

4. எத்தனை நாள் தாங்கும்?

சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வியர்க்கும், பூஞ்சை சீக்கிரம் வரும். முழுதாக ஆறியபின் கட்டினால் பிரெட் மூன்று நாள் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் பூஞ்சை தாமதமாகும், ஆனால் பிரெட் விரைவில் விறைத்துவிடும். நாள்பட வைக்க உறைய வையுங்கள். வெண்ணெய் கேக்கில் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் ஐந்து நாள் வரை இருக்கும். கிரீம் பூசியதைக் குளிரிலேயே வைத்து, இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.