"இனிமேல் சீக்கிரம் வருகிறேன் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். அதற்கு முன் அதே சிஎன்சி லேத்தில் ஆபரேட்டராக நின்றவன். சென்ற மாதம் அடிக்கடி வேலைக்குத் தாமதமாக வந்த ஒரு தம்பி என் முன் வந்து தலைகுனிந்து நின்றபோது, பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னார். எரிச்சலும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. பொய் சொல்லக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

காரணம் தெரியாமல் வாக்குக் கொடுப்பது

"இனிமேல் சீக்கிரம் வருகிறேன் சார்" என்பதுதான் அந்த வாக்கியம். கேட்பதற்குப் பொறுப்பாக இருக்கும். ஆனால் நாளைக் காலையில் எது மாறப்போகிறது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. நான் அப்படிச் சொன்ன நான்காம் நாளே மறுபடியும் தாமதமாக வந்தேன். அதன்பிறகு நான் சொன்ன உண்மையான காரணத்தையும் யாரும் நம்பவில்லை. ஷிப்ட் மாற்றிக் கேட்டபோதும் கிடைக்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றப்படாவிட்டால், தாமதத்தைவிட அதுதான் பெரிய குற்றமாகிவிடுகிறது.

அந்தத் தம்பியிடம், "வாக்கு வேண்டாம். தாமதமான தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா" என்றேன். 24 வேலை நாள்களில் 9 நாள் தாமதம். ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். பஞ்சர், காய்ச்சல், மழை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லியிருந்தார். தேதிகளுக்கு எதிரே அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. 9 நாளில் 8 நாள், தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை 5 மணிக்குத் தண்ணீர் வரும். குடம் குடமாக மாடிக்கு ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம். அவர் 5.30க்குக் கிளம்பினால்தான் 6 மணி ஷிப்டுக்கு வரமுடியும். வீட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் மறைத்திருக்கிறார். உண்மையில் பஞ்சரானது ஒரே ஒரு நாள்தான்.

காரணம் தெரிந்ததும் தீர்வு தானாக வந்தது. கீழேயே ஒரு பெரிய டிரம், குழாயிலிருந்து அதற்கு ஒரு ஹோஸ், நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ள ஒரு மிதவை வால்வு. தண்ணீரை மாலையில் மேலே ஏற்றிக்கொள்ளலாம். சம்பளம் 7ஆம் தேதிதான் என்பதால் அதுவரை ஓர் இடைக்கால ஏற்பாடும் வேண்டும். மறுநாள் அவர் வந்து பேசியது இப்படி:

"சார், சென்ற மாதம் 9 நாள் தாமதமாக வந்தேன். என் பொறுப்புதான். மெஷினை ஏற்றுக்கொள்ள நான் நேரத்துக்கு வராததால் இரவு ஷிப்ட் அண்ணன்தான் கூடுதலாக நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காரணம் தண்ணீர் பிடிப்பது. 7ஆம் தேதி டிரம் வாங்குகிறேன். அதுவரை தண்ணீர் வரும் நாள்களில் அவர் 15 நிமிடம் நிற்க ஒப்புக்கொண்டார். மற்ற நாள்களில் நான் 15 நிமிடம் முன்னதாக வந்து அவரை அனுப்பிவிடுகிறேன். நீங்கள் சம்மதித்தால் செய்கிறோம். டிரம் வந்த பிறகு இரண்டு வாரம் பாருங்கள். இரண்டு முறைக்குமேல் தாமதமானால் 2 மணி ஷிப்டுக்கு மாற்றுங்கள்."

இதில் நான் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தாமதமாகும் என்று தெரிந்தால் 5.30க்குள் போன் செய்ய வேண்டும். அப்போதுதான் மெஷின்களைத் தயார்செய்து கொடுக்கும் செட்டரை அவருக்குப் பதிலாக அந்த மெஷினில் நிற்க வைக்க எனக்கு அவகாசம் இருக்கும். 6 மணிக்கு மேல் வரும் போனால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்தவரின் நேரத்தைத் தானம் செய்வது

"அவர் கொஞ்சம் நிற்பார் சார்" என்று இரவு ஷிப்ட்காரரைக் கேட்காமலே சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரவெல்லாம் நின்றவருக்கு அந்த 15 நிமிடம் ரயிலைத் தவறவிடும் நேரம். முதலில் அவரிடம் பேசுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.

"சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்"

பிடித்த பணம் மெஷினை ஓட்டாது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் பேசுவது

வேண்டாம். டீ இடைவேளையில் வாருங்கள்.

டிரம் வந்த பிறகு அந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் தாமதம். ஹோஸ் கழன்று தெருவெல்லாம் தண்ணீர். அன்று 5.20க்கே போன் வந்தது. செட்டரை மெஷினில் நிற்க வைத்தேன். 6 மணிக்கு இரவு ஷிப்ட்காரர் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.