பஞ்சரான டயரில் எவ்வளவு தூரம் உருட்டலாம்? டயரும் ரிம்மும் என்ன ஆகும்?

காற்று முழுதாக இறங்கிய டயரில் வண்டியை ஓட்டவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பாலத்தின் நடுவிலோ, நான்கு வழிச்சாலையின் வலது லேனிலோ வண்டி நின்றால் அங்கேயே ஜாக்கி போட முடியாது. அங்கிருந்து நகர்ந்துதான் ஆக வேண்டும். டயர் போனால் சில ஆயிரம் ரூபாய். பின்னால் வரும் லாரி இடித்தால் கதை வேறு. எனவே உருட்டலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி உருட்டுவது, எங்கே நிறுத்துவது, பிறகு அந்த டயரை நம்பலாமா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுராந்தகம் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போகையில் என் காரில் பின்பக்க இடது டயர் இறங்கியது. 185/65 R15 அளவு டியூப்லெஸ் டயர். அந்த இடத்தில் ஓரம் கட்ட இடமே கிடையாது, கைப்பிடிச் சுவர்தான். முன்னால் ஏறத்தாழ 300 மீட்டரில் அகலமான மண் ஓரம் தெரிந்தது. அதுவரை உருட்டினேன். இனி வரும் படிகளெல்லாம் அதை வைத்துத்தான்.

படி 1: பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைக் குறையுங்கள்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள். முன் டயர் போயிருந்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். பின் டயர் போயிருந்தால் ஸ்டீயரிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியாது, பின்பாகம் மட்டும் மிதப்பதுபோல ஆடும். இரண்டிலும் திடீர் பிரேக் ஆபத்து. வேகம் தானாக இறங்கட்டும். நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுங்கள். லேன் மாற வேண்டியிருந்தால் மட்டும் இடது இண்டிகேட்டர்.

படி 2: எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

கண்ணுக்குத் தெரிகிற, பாதுகாப்பான முதல் இடம். அதுதான் என் அளவுகோல். "இரண்டு கிலோமீட்டரில் பங்க் இருக்கிறது, அங்கேயே பஞ்சர் கடையும் இருக்கும்" என்ற எண்ணம்தான் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் காலி செய்கிறது. சில நூறு மீட்டரைத் தாண்ட வேண்டும் என்றால் உருட்டாதீர்கள். காற்றடித்துப் பார்க்கலாம், ஸ்டெப்னி மாற்றலாம், உதவிக்கு ஆள் கூப்பிடலாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் சாலை உதவி வண்டி கிடைக்கும்.

படி 3: உருட்டுவது

முதல் கியர், நடக்கிற வேகம். ஸ்பீடாமீட்டர் முள் 10-ஐத் தொடவே வேண்டாம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பலரும் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள், திருப்பத்தைக் கவனிப்பதில்லை.

டயரின் ஓரத்தில் கம்பி வைத்த கனமான வளையம் ஒன்று உண்டு, கடைக்காரர்கள் பீடிங் என்பார்கள். அந்த பீடிங்கை ரிம்மின் உதட்டோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று போனபின் அது வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. நேராக உருட்டினால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால் பக்கவாட்டு இழுப்பில் பீடிங் கழன்று ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் விழுந்துவிடும். அதன்பிறகு ரிம் நேரடியாகத் தார்ச்சாலையில் ஓடும். யூ டர்ன் வேண்டாம், நடைபாதைமேல் ஏற்றவும் வேண்டாம். பெரிய வளைவாக, மெதுவாக ஓரத்துக்குச் சேருங்கள்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டால் நல்லது. இறங்கிய டயர் 'தப் தப்' என்று அடிக்கும். அது இருக்கும்வரை ரப்பர்தான் தரையில் இருக்கிறது. சத்தம் 'கர கர' என்று உலோகமாக மாறினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆளுக்கு ஆபத்தான இடமாக இருந்தால் மட்டும் ரிம் போனாலும் பரவாயில்லை என்று நகர்த்துங்கள்.

படி 4: ஸ்டெப்னி மாற்றுவது

ஜாக்கி போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விஷயம் மட்டும். வண்டி இறங்கி நிற்பதால் ஜாக்கி அடியில் நுழைய இடம் போதாமல் போகலாம். ஜாக்கியை முழுக்க மடக்கி நுழைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு வீல் நட்டுகளைத் தளர்த்துங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். மண் ஓரத்தில் ஜாக்கி அமிழும் என்பதால் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். கூடவே, வண்டியோடு வரும் குட்டி ஸ்பேனரை விட்டுவிட்டுக் கூட்டல் குறி வடிவ ஸ்பேனர் ஒன்று வாங்கி வையுங்கள். கடையில் மெஷினால் இறுக்கிய நட்டை அந்தக் குட்டி ஸ்பேனரால் அசைப்பது பெரும்பாடு.

டயருக்குள் நடப்பது என்ன?

என் டயரின் பக்கச்சுவர், அதாவது சைடுவால், ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரம். காற்று இருக்கும்போது வண்டியின் எடையைத் தாங்குவது காற்று. அது போனதும் அந்த 12 சென்டிமீட்டர் ரப்பர் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே வெற்றிலையை மடித்ததுபோல நசுங்குகிறது. இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 சுற்று சுற்றும். சைடுவாலின் ஒவ்வொரு இடமும் சுற்றுக்கு ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. மடிய மடியச் சூடாகிறது, உள்ளே இருக்கும் நூலிழைகள் ரப்பரிலிருந்து விட்டுப்போகின்றன. உள்பக்கச் சுவர் தன்மேலேயே உரசித் துகளாக உதிர்கிறது.

300 மீட்டர் என்றால் 150 சுற்று. நடக்கிற வேகத்தில் 150 மடிப்பு என்பது டயர் பிழைக்க வாய்ப்புள்ள கணக்குதான். ஆனால் என் டயர் பிழைக்கவில்லை.

படி 5: பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்

இதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான படி.

அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். டயரின் நடுவில் ஆணி. கடைத் தம்பி ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் ரப்பர்த் திரியைச் சொருகிக் காற்றடித்தார், சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரு குமிழிகூட இல்லை. "ரெடி சார்" என்றார். வெளியே பார்த்தால், தரையில் படும் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிற டயர். ஆனால் ரிம் உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, சைடுவாலைச் சுற்றி மங்கலாக வளையம்போல ஒரு தேய்மானக் கோடு தெரிந்தது. ரிம்மிலிருந்து கழற்றச் சொன்னேன்.

உள்ளே கைவிட்டால் கருப்பு ரப்பர்த் தூள். கை நிறைய அள்ளலாம்போல இருந்தது. தூளைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால், சைடுவாலின் உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாக, ஓரிடத்தில் நூலிழை வெளியே தெரிந்தது. தம்பியே "இது வேண்டாம் சார், வெடிச்சிரும்" என்றார்.

150 சுற்றில் இத்தனை தூள் வராது. ஆணி உள்ளேயே இருந்ததால் காற்று மெதுவாக இறங்கியிருக்கிறது. 10, 15 பி.எஸ்.ஐ. அளவில், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் பல கிலோமீட்டர் மடிந்து மடிந்து ஓடியிருக்கிறது. பின்சக்கரம் என்பதால் ஸ்டீயரிங்கில் தெரியவில்லை. கடைசி 300 மீட்டரைவிட அதற்கு முந்தைய கிலோமீட்டர்கள்தான் டயரைக் கொன்றன. "நான் கொஞ்ச தூரம்தான் உருட்டினேன்" என்பதை வைத்து டயரை நம்பக் கூடாது என்பது இதனால்தான். உள்ளே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

தூளோ, சுருக்கமோ, நூலிழையோ இருந்தால் அந்த டயர் முடிந்தது. சைடுவாலுக்கு ஒட்டு கிடையாது. திரி காற்றை அடைக்கும், அறுந்த இழையைச் சேர்க்காது. உள்ளே சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் பிழைத்தது. அப்போதும் கழற்றிய கையோடு உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் என்ற காளான் வடிவ ஒட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். திரியை நான் தற்காலிக வைத்தியமாக மட்டும்தான் எடுத்துக்கொள்வேன்.

ரிம்முக்கு என்ன ஆகும்?

டயர் கழன்று கிடக்கும்போதே ரிம்மின் உதட்டை விரலால் சுற்றிவரத் தடவுங்கள். ஸ்டீல் ரிம் என்றால் நெளியும். நெளிவு சிறிதென்றால் தட்டி நேராக்கிவிடுவார்கள். அலாய் அதிகம் நெளியாது, உதடு சிராய்க்கும், பள்ளத்தில் அடிபட்டால் விரிசல் விடும். மேலோட்டமான சிராய்ப்பு பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டுவதற்கு நான் எதிரி, மாற்றிவிடுங்கள். உதடு நெளிந்த ரிம்மில் புது டயரே போட்டாலும் சில நாளில் காற்று மெல்ல இறங்கும். சோப்புத் தண்ணீரை ரிம்மின் ஓரத்தில் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

பின்சேர்க்கை: காற்றடித்துவிட்டு நகர்த்தலாமே?

படித்துவிட்டுப் பலர் கேட்டது இது. நல்ல கேள்வி. 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காலால் மிதிக்கும் பம்பைவிட ஆயிரம் மடங்கு மேல். காலையில் வீட்டு வாசலில் டயர் இறங்கிக் கிடக்கிறதா? ஆணியைப் பிடுங்காமல் 33 பி.எஸ்.ஐ. காற்று வைத்துவிட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைவரை மெதுவாகப் போகலாம். வழியில் ஒருமுறை நிறுத்தி அளந்து பாருங்கள்.

ஆனால் ஓட்டத்தில் இறங்கிய டயருக்கு இது அப்படியே பொருந்தாது. முதலில் மற்ற டயர்களோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். அது மட்டும் கொதித்தாலோ, சுவரில் அந்த வளையக் கோடு தெரிந்தாலோ காற்றடிக்காதீர்கள். இழை விட்டுப்போன சுவர் அழுத்தம் ஏறும்போது வெடிக்கக்கூடும், மெஷினைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்திலேயே குனிந்திருப்பீர்கள். ஸ்டெப்னிதான் வழி.

பைக், ஸ்கூட்டர் பற்றியும் கேட்டிருந்தார்கள். டியூப் வைத்த டயர் என்றால் காற்றில்லாமல் ஏறி உட்கார்ந்து ஓட்டவே வேண்டாம். டயர் ரிம்மின்மேல் வழுக்கி நகரும்போது டியூபையும் இழுக்கும், வால்வின் அடிப்பாகம் கிழிந்துவிடும். ஆணிக்கு ஒட்டுப் போட முடிந்த டியூப், வால்வில் கிழிந்தால் குப்பைக்குத்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மேடாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் நடந்தபடி மிக லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம். ஆளின் எடை இல்லாமல் இருப்பதே டியூபுக்குப் பெரிய உதவி.