பேச்சுவார்த்தைப் பயிற்சி முடிந்ததும் ‘யார் ஜெயித்தது?’ என்று கேட்காதீர்கள்

வகுப்பில் மாணவர்களை ஜோடியாக உட்கார வைத்து பேரம் பேசச் சொல்கிறோம். நேரம் முடிந்ததும் முதலில் கேட்பது, “யாருக்கு அதிகம் கிடைத்தது?” அந்த ஒரு கேள்வியிலேயே பயிற்சியின் பாதிப் பயன் போய்விடுகிறது.

வேலை கொடுப்பவர், வேலைக்கு வருபவர் என்று இரண்டு வேடங்களை எடுத்துக்கொள்வோம். சம்பளம் மட்டுமே பேச்சு என்றால், ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறையும். இழுபறியைத் தவிர அதில் கற்க அதிகம் இல்லை. அதனால் மூன்று விஷயங்களை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரகசியத் தாளில் புள்ளிகள் கொடுங்கள். சம்பளம் இருவருக்கும் அதிகபட்சம் 40. சீக்கிரம் வேலையில் சேர்ந்தால் நிறுவனத்துக்கு 80. தள்ளிச் சேர்ந்தால் வருபவருக்கு 20. வீட்டிலிருந்தே வேலை என்றால் வருபவருக்கு 80. தினமும் அலுவலகம் என்றால் நிறுவனத்துக்கு 20.

எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பிரிக்கும் ஜோடிக்கு ஆளுக்கு 70 கிடைக்கும். “நியாயமா முடிச்சோம்” என்று திருப்தியாக எழுந்து வருவார்கள். சம்பளத்தை மட்டும் பாதியாக்கி, சேரும் தேதியை நிறுவனத்துக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்வதை வருபவருக்கும் விட்டுக்கொடுத்தால் ஆளுக்கு 100. இன்னொரு ஜோடியும் இப்படித்தான் மாற்றிக்கொண்டது, ஆனால் சம்பளம் முழுக்க நிறுவனத்தின் பக்கம் போனது: 120, 80. அந்த 80 வாங்கியவர் தோற்றவராகத் தெரிவார். ஆனால் அவர் சமமாகப் பிரித்த 70-ஐவிட மேலே இருக்கிறார். அதனால் எதிரில் இருந்தவரோடு ஒப்பிடாமல், அதே வேடத்தில் இருந்த மற்ற மாணவர்களோடு ஒப்பிடுங்கள். எல்லா ஜோடிகளின் முடிவையும் பலகையில் எழுதினால் இது தானாகவே தெரியும்.

ஒப்பந்தம் ஆனாலே பாராட்டுவது அடுத்த தவறு. பேச்சு முறிந்தால் கையில் இருக்கும் வேறு வாய்ப்புக்கும் தாளில் ஒரு மதிப்பு வேண்டும். 60 என்று வையுங்கள். அப்போது 50-க்குக் கையெழுத்திட்டவரைவிட எழுந்து போனவர் சரியாகச் செய்திருக்கிறார். முறிந்தால் பூஜ்யம் என்று வைத்தால், எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ளத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

அப்புறம், ரகசியத் தாள்களை உடனே மாற்றிக்கொள்ள விடாதீர்கள். பார்த்துவிட்டால் “எனக்கு அப்பவே தெரியும்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யும் அல்ல. மனம் அப்படித்தான் நினைவைத் திருத்திக்கொள்ளும். எனவே முதலில் எழுதச் சொல்லுங்கள்: எதிரில் இருந்தவருக்கு எது மிக முக்கியம் என்று நினைத்தாய்? எந்தக் கேள்வி கேட்டு அதைத் தெரிந்துகொண்டாய்? பதில் எழுதிய பிறகே தாள்கள் திறக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு இடம் காலியாக இருந்தால், அந்த மாணவர் ஊகித்தே பேசியிருக்கிறார். 100 வாங்கியிருந்தாலும் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். 30 நிமிடப் பேச்சுக்கு அதே அளவு நேரத்தையாவது இந்த அலசலுக்கு ஒதுக்குங்கள்.